'கான்ஃபிடன்ஸ் குறைவு' என்று எழுதிவிட்டேன், இப்போது காரணம் கேட்கிறார்கள்

*கேள்வி: வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் டீம் லீட் பதவிக்கு ஒரே நாளில் நான்கு பேரை இன்டர்வியூ செய்தேன். ஒருவரை வேண்டாம் என்றேன். ஐந்து வாரம் கழித்து அவர் காரணம் கேட்டு எழுதியிருக்கிறார், ஹெச்ஆர் என் நோட்ஸைக் கேட்கிறார்கள். நான் எழுதியது மொத்தமே நான்கு வரி: "ஆள் பரவாயில்லை. கான்ஃபிடன்ஸ் குறைவு. லீடர்ஷிப் போதாது. டீமுக்கு செட் ஆக மாட்டார்." முடிவு சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் ஏன் என்று சொல்ல வரவில்லை. கொடுப்பதற்கு முன் கொஞ்சம் விரிவாகத் திருத்திக்கொள்ளலாமா? இனிமேல் எப்படி எழுதுவது?*

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருத்தாதீர்கள். அந்த நான்கு வரியை அப்படியே கொடுங்கள். கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது கணினியில் பதிவாகி இருக்கும். காரணம் கேட்டுக் கடிதம் வந்த பிறகு நோட்ஸ் வளர்ந்திருந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்புறம் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சோம்பலாக நோட்ஸ் எழுதியவர் என்ற பெயரோடு போக வேண்டிய விஷயம், ஆவணத்தைத் திருத்தியவர் என்ற இடத்துக்குப் போய்விடும். கையால் கிறுக்கிய தாள் ஏதாவது மேசை இழுப்பறையில் கிடந்தால் அதையும் கிழிக்க வேண்டாம். அதுவும் நோட்ஸ்தான்.

உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்ல வழி இருக்கிறது. தனியாக ஒரு தாள் எடுத்து இன்றைய தேதியைப் போடுங்கள். "இது இன்டர்வியூ முடிந்து ஐந்து வாரத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதுவது" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். கேட்ட கேள்விகளில் நினைவில் இருப்பவை, பதில்களில் நினைவில் இருப்பவை, நினைவில் இல்லாதவை என்று மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். "குழு நிர்வாகம் பற்றிக் கேட்டேன், பதிலின் விவரம் நினைவில்லை" என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வரிதான் மற்ற வரிகளை நம்ப வைக்கும். அதை எழுதி ஹெச்ஆரிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். விண்ணப்பித்தவருக்கு என்ன பதில் அனுப்புவது என்பது அவர்கள் வேலை.

இந்த நோட்ஸையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைப்பது பழைய பழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017-இல் நோவாக் என்பவரின் வழக்கில், தேர்வு எழுதியவரின் விடைகள் மட்டுமல்ல, திருத்தியவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் தேர்வு எழுதியவரின் சொந்தத் தகவல்கள்தான் என்று தீர்ப்பளித்தது. அது எழுத்துத் தேர்வு பற்றிய வழக்கு. ஆனால் ஒருவரைப் பற்றி நாம் எழுதும் கருத்து அவரைப் பற்றிய தகவல் என்ற அந்தத் தர்க்கம் இன்டர்வியூ நோட்ஸுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கை நிறுவனத்தில் 1982-இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஆன் ஹாப்கின்ஸ் ஒருவர்தான் பெண். அவரைப் பற்றி மற்ற பங்குதாரர்கள் சொன்ன கருத்துகளில் ஒன்று அவரிடம் ஆண்பிள்ளைத்தனம் தெரிகிறது என்றது. இன்னொன்று அவர் நளினம் கற்றுத் தரும் வகுப்பில் சேர வேண்டும் என்றது. 1989-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அந்த வரிகள் எடுத்துக்காட்டப்பட்டன. சொன்னபோது அவர்கள் யாரும் தாங்கள் பாரபட்சம் காட்டுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். மனதில் பட்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்கு என் கதையையே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நான்கு வரியைப் போல நானும் எழுதி மாட்டியிருக்கிறேன்.

ஏறக்குறைய இதே மாதிரிப் பதவி. என்னோடு குழுவில் இன்னொருவர், என்னை விட இளையவர். முக்கால் மணி நேரமும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் இப்படியா எழுதுவது என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். நான் மாலையில் வீட்டுக்குப் போகும் முன் மூன்று வரி தட்டி அனுப்பினேன்: "அமைதியான ஆள், தன்னம்பிக்கை குறைவு. டீமை நடத்தும் திறன் போதாது. திட்டமிடலில் தெளிவில்லை." சில வாரங்களில் விண்ணப்பித்தவர் காரணம் கேட்டார். உள்ளுக்குள் ஒரு விசாரணைக் குழு எங்கள் இருவரையும் தனித்தனியாக அழைத்தது. "தன்னம்பிக்கை குறைவு என்று எதைப் பார்த்து எழுதினீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு அவருடைய சட்டை நிறம் நினைவிருந்தது, பதில் ஒன்றுகூட நினைவில்லை.

அப்புறம் சக ஊழியரின் நோட்ஸை என் முன்னால் வைத்தார்கள். முதல் கேள்வி, கோபமாக இருந்த வாடிக்கையாளர் ஒருவரை எப்படிக் கையாண்டீர்கள் என்பது. அதன் கீழே அவர் எழுதியிருந்தது இது:

"பதில் சொல்லும் முன் சுமார் 10 விநாடி யோசித்தார். சம்பவம்: இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்ட வாடிக்கையாளர், மூன்றாவது முறையாக அழைத்து மேலாளரைக் கேட்டார். இவர் சொன்னது: 'பணம் எப்போது வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு நாளை 11 மணிக்குள் நானே கூப்பிடுகிறேன்.' மறுநாள் 10.40-க்குக் கூப்பிட்டதாகச் சொன்னார். மேலாளரிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். 'அவருக்கும் அப்போது என்னை விட அதிகம் தெரியாது' என்றார். மதிப்பெண் 4."

நான் 'தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதியது இந்த மனிதரைத்தான். நான் உண்மையில் பார்த்தது மெல்லிய குரலையும் அந்தப் பத்து விநாடி மௌனத்தையும். அவற்றை அப்படியே எழுதியிருந்தால், இந்த வேலைக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எனக்கே வந்திருக்கும். 'தன்னம்பிக்கை' என்ற சொல் அந்தக் கேள்வியை வரவிடாமல் மூடிவிட்டது. நான் பார்த்தது, அதிலிருந்து நான் ஊகித்தது, அதற்கு நான் கொடுத்த மதிப்பு, மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடைந்துவிட்டன. 'ஸ்மார்ட்', 'ஆட்டிட்யூட்', 'கம்யூனிகேஷன் சுமார்', உங்கள் 'செட் ஆக மாட்டார்', எல்லாம் இந்த ரகம்தான். எழுதும்போது இப்படி ஒரு சொல் வந்தால், அதை அடித்துவிட்டு, 'எதைக் கேட்டபோது அல்லது பார்த்தபோது எனக்கு இப்படித் தோன்றியது?' என்பதற்கான பதிலை எழுதுங்கள். பதில் கிடைத்தால் அதுதான் உங்கள் நோட்ஸ். கிடைக்காவிட்டால் அந்தச் சொல் நோட்ஸில் இருக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி, குழுவில் ஒருவருடைய வேலையின் தரம் குறைந்தபோது என்ன செய்தீர்கள் என்பது. இங்கே என் அபிப்பிராயம் தப்பவில்லை. ஆனால் அதை நிறுவியது என் வரி அல்ல, சக ஊழியரின் நோட்ஸ்:

"இருவர் புகார்களை முடிக்கத் தாமதித்தார்கள். மூன்று வாரம் அவர்கள் பங்கைத் தானே எடுத்துச் செய்ததாகச் சொன்னார். அவர்களிடம் பேசினீர்களா என்று கேட்டேன். 'மீட்டிங்கில் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன்.' தனியாகப் பேசினீர்களா என்று மீண்டும் கேட்டேன். 'அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.' விளைவு: ஒருவர் வேறு குழுவுக்குப் போனார், மற்றவரிடம் மாற்றமில்லை. வாடிக்கையாளருக்குத் தாமதம் வராமல் பார்த்துக்கொண்டதாகவும் சொன்னார். மதிப்பெண் 2: நடவடிக்கை எடுத்தார், ஆனால் சம்பந்தப்பட்டவரிடம் நேரடியாகப் பேசவில்லை."

இதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மேற்கோள் குறிக்குள் இருப்பது அவர் வாயிலிருந்து வந்த சொல் மட்டுமே. சுருக்கியது குறிக்கு வெளியே இருக்கிறது. நாமே சுருக்கிய ஒன்றுக்கு மேற்கோள் குறி போட்டுவிட்டால், 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று அவர் மறுக்கும்போது மொத்த நோட்ஸும் ஆட்டம் காணும். இரண்டு, நாம் எத்தனை முறை துருவிக் கேட்டோம் என்பதும் பதிவாகியிருக்கிறது. தானாகச் சொன்னதும், இரண்டு தடவை எடுத்துக் கொடுத்த பிறகு சொன்னதும் ஒன்றல்ல. மூன்று, அவருக்குச் சாதகமான வரியும் இருக்கிறது. குறைந்த மதிப்பெண் கொடுக்கும் இடத்தில் சாதகமான ஒன்றைக்கூட எழுதாத நோட்ஸைப் படித்தால், எழுதியவர் முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு காரணம் தேடியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான்காவது, அந்த 2. அது சக ஊழியரின் மனதில் தோன்றிய எண் இல்லை. இன்டர்வியூவுக்கு முன்பே அந்தக் கேள்விக்கு 1 முதல் 4 வரை எது எந்தப் பதில் என்று எழுதி வைத்திருந்தோம். எதுவும் செய்யவில்லை என்றால் 1. ஏதோ செய்தார், ஆனால் சம்பந்தப்பட்டவரிடம் நேரடியாகப் பேசவில்லை என்றால் 2. தனியாகப் பேசி, என்ன மாற வேண்டும் என்று ஒத்துக்கொள்ளவைத்து, மீண்டும் பார்த்தார் என்றால் 3. அதோடு, தரம் ஏன் குறைந்தது என்பதையும் கண்டுபிடித்துச் சரிசெய்தார் என்றால் 4. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தாளைத் தயாரித்ததே நான்தான். தயாரித்துவிட்டு, அதைப் பார்க்காமல் 'திறன் போதாது' என்று எழுதினேன். அறையில் இல்லாத ஒருவர் உங்கள் நோட்ஸையும் இந்த அளவுகோலையும் வைத்துக்கொண்டு, எண்ணை மறைத்துவிட்டுப் படித்தால் அதே எண்ணுக்கு வர வேண்டும். வேறு எண்ணுக்கு வந்தால், உங்கள் தலையில் இருந்த ஏதோ ஒன்று தாளுக்கு வரவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் பெயரை மறைத்துக் கொடுத்து இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

மூன்றாவது வரி, என் 'திட்டமிடலில் தெளிவில்லை'. இதுதான் எனக்கு இன்னும் கூச்சம். சக ஊழியர் அந்த இடத்தில் எழுதியிருந்தது: "ஷிப்ட் அட்டவணை பற்றிய கேள்வி கேட்கப்படவில்லை, நேரம் முடிந்தது. மதிப்பெண் இல்லை." ஆரம்பத்தில் பத்து நிமிடம் நான் எங்கள் பிரிவைப் பற்றிப் பெருமை பேசியதில் நேரம் போய்விட்டது. மற்ற விண்ணப்பதாரர்களிடம் கேட்ட கேள்வியை இவரிடம் கேட்கவே இல்லை. எப்படியோ என் மனம் அந்த வெற்றிடத்தைக் குறையாக நிரப்பிக்கொண்டது.

நோட்ஸில் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். 'தெரியவில்லை' என்று நாம் எழுதும் ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு சம்பவங்கள் இருக்கலாம். கேட்டோம், தவறாகச் சொன்னார். கேட்டோம், அந்தப் பகுதியைத் தொடவில்லை, நாமும் துருவவில்லை. கேட்கவே இல்லை. முதலாவது அவரைப் பற்றிய ஆதாரம். இரண்டாவதில் பாதி நம்மைப் பற்றியது. மூன்றாவது முழுக்க நம்மைப் பற்றியது. 'சொல்லவில்லை' என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் 'கேட்டேன்' அல்லது 'கேட்கவில்லை' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். கேட்காததற்கு 1 போடாதீர்கள், சராசரியாக 2-உம் போடாதீர்கள், கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதுங்கள்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்றால், அவரைத் திரும்ப அழைத்து விட்டுப்போன கேள்வியைக் கேட்டார்கள். பதில் சுமார்தான், வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவருக்குப் போன கடிதத்தில், தரம் குறைந்தவர்களிடம் அவர் தனியாகப் பேசவில்லை என்பது காரணமாக இருந்தது. அது அவர் தானே சொன்ன விஷயம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? பேசும்போதே முழு வாக்கியமாக எழுத முயன்றால் என் சக ஊழியரைப் போல முகம் பார்க்காமல் போய்விடும், அந்த எரிச்சலில் எனக்கும் கொஞ்சம் நியாயம் இருந்தது. தொடங்கும்போதே "இடையிடையே குறிப்பு எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிடுங்கள். எண்கள், பெயர்ச்சொற்கள், மறக்கக் கூடாத ஒன்றிரண்டு சொந்த வாக்கியங்கள், இவற்றை மட்டும் அப்போது குறித்தால் போதும். முடிந்ததும் பதினைந்து நிமிடம், அடுத்தவர் வருவதற்கு முன், அதை வாக்கியமாக்குங்கள். நான்கு பேரை அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு மாலையில் எழுதினால் இரண்டாவது ஆளின் பதில் மூன்றாவது ஆளின் தாளில் ஏறிவிடும். ஏறியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. காலெண்டரில் இன்டர்வியூவை ஒரு மணி நேரமாகப் போட்டு, கடைசிக் கால் மணியை உங்களுக்கென்று வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

எழுதக் கூடாததையும் சொல்ல வேண்டும். வயது, திருமணம், குழந்தை, மதம், உடல்நிலை, பேச்சு வழக்கின் வாடை இதெல்லாம் வேண்டாம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாமல் நுழையும் வழி வேறு. 'சின்னக் குழந்தை இருக்கிறது, ஆனாலும் ஷிப்டுக்குத் தயார்' என்று அவரே சொன்னார், நல்லெண்ணத்தில் எழுதினேன் என்பார்கள். எழுத வேண்டியது 'மூன்று ஷிப்டுக்கும் தயார் என்றார்' என்பது மட்டும். ஒருவர் தனக்கு எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டால், அதை ஹெச்ஆருக்குத் தனியாகச் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள், மதிப்பீட்டுத் தாளில் வேண்டாம். 'காலையில் வந்தவரை விடப் பரவாயில்லை' என்று இன்னொருவரோடு ஒப்பிடுவதும் வேண்டாம். நாளை இவருடைய தாளைக் கொடுக்கும்போது அவருடைய விவரமும் சேர்ந்து போகும்.

இவ்வளவும் செய்தாலும் நோட்ஸால் சரிசெய்ய முடியாதவை உண்டு. வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி கேட்டிருந்தால், அதன் பதிலை எவ்வளவு துல்லியமாகப் பதிந்தாலும் பயனில்லை. இன்னொன்று, எதை எழுதுவது என்று தேர்வதிலேயே நம் சாய்வு வந்து உட்காரும். அதற்கு ஒரு எளிய சோதனை: நான்கு பேரின் நோட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிடித்தவருக்கு ஒரு பக்கமும் பிடிக்காதவருக்கு நான்கு வரியும் இருந்தால், அந்த நான்கு வரிக்காரரிடம் நீங்கள் துருவிக் கேட்டதும் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் மற்ற மூன்று பேரின் நோட்ஸ் எவ்வளவு நீளம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, மதிப்பெண்ணோடு நோட்ஸை அனுப்பிவிட்டுத்தான் குழு கூடிப் பேச வேண்டும். பேசிய பிறகு உங்கள் எண் மாறினால் மாறட்டும், அதில் தப்பில்லை. பழைய எண்ணை அழிக்காமல், கீழே தேதியோடு "2 என்பதை 3 ஆக்குகிறேன். தனியாகப் பேசியதாக இவர் இன்னொரு இன்டர்வியூவில் சொன்ன சம்பவத்தைக் குழுவில் கேட்ட பிறகு" என்று எழுதுங்கள். 'எல்லாரும் 3 போட்டார்கள்' என்பது மட்டும்தான் காரணம் என்றால், எண்ணை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.